நாள் கடந்தவரா, தவணை தவறியவரா? சர்க்கரை, பிரஷர் பதிவேட்டுக்கு ஒரு சொல்

செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிலையத்தில் சர்க்கரை, பிரஷர்காரர்களுக்கு 30 நாள் மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். எக்செல் தாளில் D கடைசியாக வந்த தேதி, E எத்தனை நாள் மாத்திரை, F அடுத்து வரவேண்டிய தேதி. அந்தத் தேதி போயும் வராதவருக்கு G-யில் ‘ஓவர்டியூ’ என்று விழும். தன்னார்வலர்கள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டுதான் வீடுவீடாகப் போகிறார்கள், அதனால் தமிழில் வேண்டும். ‘தவணை தவறியவர்’ என்று மாற்றினேன். ஒரு அம்மா தன் பேருக்கு நேரே அதைப் பார்த்துவிட்டு, “குழுக்கடனெல்லாம் ஒழுங்காக் கட்டிட்டேனே!” என்று பதறிப்போனார். வேறு சொல் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்:
‘நிலுவை’ போதுமே அம்மா. கெடு முடிந்தும் நடக்காதது எதுவானாலும் நிலுவைதான். ஆளைக் குறிக்காமல் வேலையைக் குறிக்கும், யாருக்கும் மனம் புண்படாது.

தமிழாசிரியர்:
நிலுவை என்றாலும் பணம்தான் முன்னே வந்து நிற்கும், ஐயா. ‘நாள் தள்ளியவர்’ எப்படி?

செவிலியர்:
ஐயா, அது மட்டும் வேண்டாம். ஊரில் ‘நாள் தள்ளிப்போச்சு’ என்றால் கர்ப்பம் என்றுதான் அர்த்தம். அறுபது வயசு பாட்டி பேருக்கு நேரே அதை எழுத முடியாது.

மருத்துவ அலுவலர்:
ஆளைக் குறிக்காத சொல் வேண்டும் என்பதில் வங்கி ஐயாவோடு ஒத்துப்போகிறேன். காசநோய்ப் பதிவேட்டில் ‘டிஃபால்ட்டர்’ என்று வெகுகாலம் எழுதினோம். குற்றம் சாட்டுகிற சொல் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அதைக் கைவிட்டது. அதனால் ‘வரத் தவறியவர்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு, பலருக்கு மாத்திரை வீட்டுக்கே போகிறது. அங்கே தேதி கடந்தால் தவறியது நாமாகவும் இருக்கலாம். ‘நாள் கடந்தது’ என்று தேதியின் மேல் எழுதுங்கள். ஒரு வருஷமாகவே வராதவருக்கு இது போதாது, அவர் வேறு வகை. அதற்கு ‘தொடர்பு விட்டவர்’ என்று ஒன்று தனியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்:
நாங்கள் ‘பிந்திப்போச்சு’ எண்டுதான் சொல்லுவம். ‘திகதி பிந்தியது’ எண்டு போட்டால் எங்கட ஆக்களுக்கு உடன விளங்கும்.

சென்னை வாசகர்:
என் அம்மா 12 நாள் தாமதமாகப் போனார், ஆனால் கையில் மாத்திரை இருந்தது. அவரையும் ‘நாள் கடந்தது’ என்று எழுதுவது நியாயமா?

மருத்துவ அலுவலர்:
தினம் ஒன்று வீதம் 30 மாத்திரை வாங்கியவர் 42-ஆம் நாளும் கையில் மாத்திரை வைத்திருந்தால், முன்பே வேறு மிச்சம் இல்லாத பட்சத்தில், குறைந்தது 12 நாளாவது போடாமல் விட்டிருக்கிறார். அம்மாவிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். அவர் பேர் அந்தப் பட்டியலில் வருவதுதான் சரி.

கணினிப் பயிற்றுநர்:
சொல்லை முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் அக்கா. F-இல் தேதியை நீங்களே அடிக்கிறீர்களா? 11.6.2025 என்று புள்ளி வைத்து அடித்தால் பெரும்பாலான கணினியில் எக்செல் அதைத் தேதியாக எடுக்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் கணக்கு. அப்போது `TODAY()>F2` ஒருநாளும் உண்மையாகாது. அவர் ஆறு மாசம் வராவிட்டாலும் G காலியாகவே கிடக்கும், பிழை என்றுகூடக் காட்டாது. எழுத்தாக நின்றது கட்டத்தின் இடது ஓரமாக ஒட்டும், தேதி வலது ஓரம் போகும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் எண்ணிப் பாருங்கள்:

```
=COUNTA(F2:F232)-COUNT(F2:F232)
```

பூஜ்யம் வராவிட்டால் அத்தனை பேர் மறைந்திருக்கிறார்கள். D-யையும் இதேபோல் எண்ணுங்கள். அவற்றைத் திருத்திவிட்டு F-இல் `=IF(D2="","",D2+E2)` வையுங்கள். G-யில் இது:

```
=IF(NOT(ISNUMBER(F2)),"தேதி பிழை",IF(TODAY()>F2,"நாள் கடந்தது",""))
```

செவிலியர்:
தம்பி, 17 வந்தது. நெஞ்சு திக்கென்றது. எல்லாம் புள்ளி வைத்து அடித்தவை. மேமாதம் 12-ஆம் தேதி 30 அம்லோடிபின் வாங்கிப்போனவர் ஒருவர், ஜூன் 11-ஆம் தேதி வந்திருக்க வேண்டும். இன்று ஆகஸ்ட் 20. அவர் கட்டம் இத்தனை நாளும் சுத்தமாகக் காலியாக இருந்தது. நாளைக்கு முதல் வீடு அவருடையதுதான். சொல்லுக்கு ‘நாள் கடந்தது’ போட்டுவிட்டேன்.

தமிழாசிரியர்:
எனக்கும் சம்மதம். ‘தொடர்பு விட்டவர்’தான் இன்னும் ஒட்டவில்லை. நாம்தானே தொடர்பை விட்டோம்?

கணினிப் பயிற்றுநர்:
எதை வைத்தாலும் எல்லா நிலையமும் ஒரே எழுத்தில் அடிக்க வேண்டும். ஒருவர் ‘நாள்கடந்தது’ என்று சேர்த்து அடித்தால் `COUNTIF` அவரை எண்ணாது.

செவிலியர்:
டாக்டர், ஒரு வருஷம் ஆனவர்கள் எங்கள் தாளில் நாலு பேர். அவர்களுக்குச் சொல் கிடைக்கும்வரை அந்தக் கட்டத்தில் கடைசியாக வந்த தேதியை மட்டும் போட்டு வைக்கிறேன்.