ஐயாவோட எலிமினேட்டரும் மூடிக்குள்ள ஒட்டியிருந்த படமும்

பள்ளத்தூர்க்காரன்:
எங்க ஐயா ரேடியோவுக்கு 12 வோல்ட் எலிமினேட்டர் ஒன்னு இருக்கு. காரைக்குடி மெக்கானிக் ஒருத்தர் தகரப் பெட்டியில செஞ்சு குடுத்தது. போன மாசத்துலேருந்து பாட்டுக்கு மேல ஒரே இரைச்சல். ரேடியோவைக் கழட்டிட்டு மீட்டர் வச்சா சரியா 12. மாட்டினா எட்டரை, ஒன்பதுன்னு ஆடுது.

வோல்ட்டை 12ல நிறுத்துற 7812 ஐசி போச்சுன்னு நானே முடிவு பண்ணி மாத்தினேன். அதே இரைச்சல். அப்பறந்தான் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவுல வரைஞ்ச சர்க்யூட் படம் ஒட்டியிருந்துச்சு. படத்துல நாலு இடத்துல எர்த் குறி. எர்த்துதானேன்னு மீட்டரோட கறுப்பு முனையைத் தகரப் பெட்டியில வச்சேன். எங்க தொட்டாலும் அர்த்தமில்லாத நம்பர். ஒரு சாயங்காலம் முழுக்க முகப்புல உக்காந்து அதோடயே போச்சு.

கோட்டையூர் மெக்கானிக்:
தம்பி, பாதிப் பேரு விழுற குழி அது. அந்தக் குறியை வரைஞ்சவர் எர்த்துன்னு நெனச்சு வரையலை. "இந்த நாலு முனையும் ஒரே கம்பி, கோடு இழுத்தா படம் சிக்கலாகும்"னு சொல்றதுக்குப் போட்டது. பெட்டி த்ரீ பின் எர்த்தோட சேந்திருக்கும். சர்க்யூட்டு அதைத் தொடாம தனியா நிக்கும். அதனால கறுப்பு முனையை, ஏசியை டிசியா மாத்துற நாலு டயோடு பிரிட்ஜோட மைனஸ்ல வைங்க.

மைனஸ் எதுன்னு படத்தை வச்சே கண்டுபிடிக்கலாம். டயோடு குறியில முக்கோணத்தோட முனையில ஒரு கோடு நிக்கும். டயோடு உடம்புல இருக்கிற வெள்ளைக் கோடு அதுதான். நாலு டயோடுல ரெண்டு வெள்ளைக் கோடு சேர்ற இடம் பிளஸ். கோடு இல்லாத ரெண்டு முனை சேர்ற இடம் மைனஸ். மீதி ரெண்டு சந்திப்புல டிரான்ஸ்பார்மர் வயர் வரும்.

ரேடியோ ஓடும்போது அந்தப் பிளஸ் மைனஸ்ல எவ்வளவு வருது? டிரான்ஸ்பார்மர்ல எவ்வளவு ஏசி?

தேவகோட்டை ராசா:
இரைச்சல்னா டயோடு ஒன்னு போயிருக்கும், பந்தயம். எங்க வீட்டு ஆம்ப்ளிபயர்ல அதான் ஆச்சு.

பள்ளத்தூர்க்காரன்:
ஏசி 15. பிரிட்ஜ்ல ரேடியோ ஓடும்போது 12 சொச்சம்.

கோட்டையூர் மெக்கானிக்:
அப்ப கதை முடிஞ்சுது. 15 ஏசிக்கு உச்சம் 21. ரெண்டு டயோடு சேந்து ஒன்னரை வோல்ட் சாப்பிட்டாலும் கெப்பாசிட்டர் இருபதுக்கிட்ட நிரம்பணும். ரேடியோ இழுத்தாலும் பதினெட்டுக்கிட்ட நிக்கணும். 12தான் காட்டுதுன்னா பிடிச்சு வைக்க ஆளில்லை. அலை மேல ஏறி கீழ விழுறதோட சராசரியைத்தான் மீட்டர் காட்டுது. 7812க்கு உள்ளே 14 வோல்ட்டாவது இருக்கணும். ஒவ்வொரு அலையிலும் அதுக்குக் கீழ போறப்ப அதுவும் கையை விரிச்சிடும். பிரிட்ஜுக்கு அடுத்து இருக்கிற 1000 மைக்ரோ கெப்பாசிட்டர் காஞ்சு போச்சு.

ராசா சொல்றதும் சும்மா இல்லை. ஒரு டயோடு விட்டாலும் இரைச்சல் வரும். ஆனா கெப்பாசிட்டர் நல்லா இருந்தா பிரிட்ஜ்ல பதினாறு பதினேழு வோல்ட்டாவது நிக்கும், பன்னெண்டுக்கு இறங்காது. சந்தேகம்னா பிளக்கைப் பிடுங்கிட்டு மீட்டரை டயோடு முறையில வச்சு நாலையும் பாருங்க.

ஒன்னு மட்டும் கவனம். டயோடுல கோடு இருக்கிற பக்கம் பிளஸுக்குப் போகும். கெப்பாசிட்டர்ல கோடு இருக்கிற பக்கம் மைனஸ். டயோடு பழக்கத்துல கெப்பாசிட்டரைத் தலைகீழா போட்டா வெடிச்சிடும்.

கண்டனூர் ஆச்சி மகன்:
என் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் இப்படித்தான் ஆடுது. நானும் பிரிச்சு கறுப்பு முனையை வச்சுப் பார்க்கலாமா?

கோட்டையூர் மெக்கானிக்:
வேணாம் தம்பி. அது வேற சாதி. அதுல கரண்டு நேரா டயோடுக்குப் போய், முதல் கெப்பாசிட்டர்லயே 325 வோல்ட் நிக்கும். பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அதோட படத்துல குட்டி டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் ஒரு குறி, அந்தப் பக்கம் வேற குறி இருக்கும். ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சு அளந்தா மீட்டரும் தப்பா காட்டும், ஆளுக்கும் ஆபத்து.

பள்ளத்தூர்க்காரன்:
மாத்திட்டேன். பழசு 7812 ஹீட்சிங்கை ஒட்டியே நின்னுச்சு. தலை லேசா உப்பி, அடியில பழுப்புக் கறை. படத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்ததால செஞ்சவர் பெட்டியிலயும் அப்படியே வச்சிட்டார் போல. புதுசு 1000 மைக்ரோ, 35 வோல்ட். கால் நீட்டி ஓரமா சாச்சு வச்சேன். இப்ப பிரிட்ஜ்ல 18.2, வெளிய 12.

அப்பறம் ஒரு குழப்பம். படத்துல சிவப்பு விளக்குக்குப் போற கோடு ஏசி கோட்டைக் குறுக்க வெட்டுது. சேருதா?

தேவகோட்டை ராசா:
வெட்டினா சேரும்.

கோட்டையூர் மெக்கானிக்:
புள்ளி இருந்தாத்தான் சேரும். ஆனா கையால வரைஞ்சவங்க சில சமயம் புள்ளி வைக்க மறந்துடுவாங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு மீட்டரை பீப் சத்தத்துல வச்சு ரெண்டையும் தொட்டுப் பாத்துக்குங்க.

பள்ளத்தூர்க்காரன்:
பீப் வரலை. சரி, அடுத்த தடவை 2200 மைக்ரோ போடலாமா?

கோட்டையூர் மெக்கானிக்:
தாராளமா.

தேவகோட்டை ராசா:
போடும்போது டயோடு அடிபடும் அண்ணே, நான் ஒத்துக்க மாட்டேன்.

பள்ளத்தூர்க்காரன்:
நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. ஐயா இப்பவே ரெண்டாங்கட்டுல பாட்டுப் போட்டாச்சு. காதை ரேடியோகிட்ட வச்சா மட்டும் இன்னும் லேசா ஒரு முனகல் இருக்கு. அது பெட்டியிலேருந்தா, ரேடியோவுக்குள்ளேருந்தான்னு தெரியலை.