பரணில் இருந்த பித்தளையும் திரும்பி வந்த தோசைக்கல்லும்: எங்கள் பாத்திரக்கடை அனுபவம்

மன்னார்குடிப் பாத்திரக்கடைக்காரர் எழுதியது:

எங்கள் தாத்தா 1971இல் தொடங்கிய பாத்திரக்கடையை 2017இல் அப்பாவிடமிருந்து நான் ஏற்றுக்கொண்டபோது, கடை நிறையச் சரக்கு இருந்தது. கல்லாவில் மட்டும் பணம் இல்லை. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களை நம்பியே நடந்துவந்த வியாபாரம் அது. பெண்ணுக்குச் சீர் வைப்பவர்கள் குடம், அண்டா, தவலை, குத்துவிளக்கு, அடுக்கு டிபன் கேரியர் என்று ஒரு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போவார்கள். இன்று பெண் சென்னையில் இரண்டு அறை கொண்ட வீட்டில் குடியிருக்கிறாள். அண்டா வைக்க அங்கே இடமில்லை என்பதால் அந்தப் பணம் நகையாகவோ குளிர்சாதனப் பெட்டியாகவோ போய்விடுகிறது. நாங்களோ அதே சரக்கைத் துடைத்துத் துடைத்து மறுபடியும் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

என்ன வாங்கி வைப்பது என்று தெரியாத நிலையில், நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கல்லாவின் அருகில் வைத்து, 'இல்லை' என்று சொல்லி நாங்கள் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பொருளையும் அன்றன்றே எழுதிவந்தேன். விற்ற பொருளுக்குப் பில் இருக்கிறது. விற்காமல் போன கேள்விக்கு எந்தக் கணக்கும் இல்லை என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. மூன்று மாதத்தில் அந்த நோட்டில் அதிகம் இருந்தவை இரும்புத் தோசைக்கல், இரும்பு வடைச்சட்டி, கல்சட்டி ஆகிய மூன்றுதான். நான்காவதாக இருந்தது பொருளே அல்ல: 'பழைய பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித் தருவீர்களா?' என்ற கேள்வி. ஒட்டாத பூச்சுள்ள தவாக்கள் ஓராண்டிலேயே உரிந்துபோனதைப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் இவற்றைக் கேட்டார்கள்.

புதுச் சரக்குக்கு முதல் வேண்டுமே என்று கடன் வாங்கப் போனவனை அப்பா தடுத்தார். 'பித்தளையை எடை போடு' என்றார். எவர்சில்வரைப் பழைய உலோகமாகப் போட்டால் வாங்கிய விலையில் சிறு பங்குதான் தேறும். ஆனால் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பித்தளை அப்படியல்ல. செய்கூலி போனாலும் உலோகத்தின் விலை ஏறியிருந்ததால், விற்காத அண்டாக்களைக் கும்பகோணத்து மொத்த வியாபாரியிடம் எடைக்குக் கொடுத்தபோது நாங்கள் போட்ட முதல் முழுவதுமே திரும்பி வந்தது. எவர்சில்வர் குடங்களை மட்டும் நட்டத்துக்கு விற்றோம்.

அந்தப் பணத்தில் முதல் தவணையாக முப்பது வார்ப்பிரும்புத் தோசைக்கல் இறக்கினேன். ஒரே மாதத்தில் எல்லாம் விற்றன. அடுத்த மாதத்தில் பதினொன்று திரும்பி வந்தன. மாவு ஒட்டிக்கொண்டு பெயர்கிறது, கழுவி வைத்தால் மறுநாளே துருப்பிடிக்கிறது என்றார்கள். கல்லில் குறையில்லை, அதைப் பழக்காமல் கொடுத்ததுதான் தவறு என்பதை என் அம்மாதான் கண்டுபிடித்தார். இப்போது கொல்லைப்புறத்தில் ஒவ்வொரு கல்லையும் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த நீரை ஊற்றி நாள்தோறும் மாற்றி மூன்று நாள் வைத்து, துடைத்து, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் மெல்லியதாகத் தடவிப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுகிறார். இந்த எண்ணெய் வேலையை மட்டும் நான்கைந்து முறை திரும்பச் செய்கிறார். கடைசியில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, ஒரு தோசை வார்த்துப் பார்க்கிறார். தோசை கரண்டி படாமல் ஓரத்தில் தானே கிளம்பினால்தான் அந்தக் கல் கடைக்கு வரும். எண்ணெய் கூடிப்போனால் கல் பிசுபிசுவென்று ஒட்டும். அப்படி ஆனவற்றை மறுபடி சூடுகாட்டித் துடைத்தெடுக்க வேண்டியிருக்கிறது. பழக்கிய கல்லுக்கு 150 ரூபாய் கூடுதலாக வாங்குகிறோம். பத்தில் ஏழு பேர் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்; திரும்பி வருவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

இன்னொன்றையும் தாமதமாகவே கற்றேன். ஓர் அம்மா பெரிய கல்லை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, 'மணிக்கட்டு வலிக்கிறது தம்பி' என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். வார்ப்பிரும்பில் பெரிய கல் மூன்று கிலோவை நெருங்கும். அதன்பின் தகட்டு இரும்பில் செய்த எடை குறைந்த கல்லையும் வைத்தேன். வயதானவர்கள் பெரும்பாலும் அதையே எடுக்கிறார்கள்.

ஈயம் பூசும் கேள்விக்குத்தான் இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் ஒரு பெரியவர் வந்து கடைவாசலில் கரி அடுப்பும் துருத்தியுமாக உட்காருகிறார். அந்த இரண்டு நாளும் பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்களோடு வீதியே நிற்கிறது. வந்தவர்களில் பலர் ஏதாவது ஒன்றை வாங்கிச் செல்கிறார்கள். அவருக்கு வயது அறுபத்தெட்டு. அவருக்குப் பின் என்ன செய்வது என்பதில் உங்கள் அனுபவம் ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நல்ல பதிவு. என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். எவர்சில்வரை நீங்கள் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. தரமானதை மட்டும் வைத்தால் போதும். காந்தம் ஒட்டாவிட்டால் அது நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டமானது. வாடிக்கையாளர் எதிரிலேயே காந்தத்தை வைத்துக் காட்டினால் நம்பிக்கை தானாக வரும். எங்கள் மாமா கடையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற மொத்த வியாபாரி, கும்பகோணம்:

காந்தச் சோதனையைப் பற்றி மேலே சொன்னது பாதிதான் சரி. 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது உண்மை. ஆனால் நிக்கல் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகத்திலும் ஒட்டாது. விலை மலிவான பாத்திரங்களில் நிறைய 202தான். ஆகவே ஒட்டவில்லை என்பதைக் காட்டி நல்ல ரகம் என்று விற்றால், நாளை உப்பும் புளியும் பட்டுப் புள்ளி விழும்போது வாங்கியவர் உங்களைத்தான் கேட்பார். பில்லில் ரகத்தை எழுதித் தரும் இடத்தில் வாங்குவதே பாதுகாப்பு. காந்தம் பயன்படுவது வேறு ஒன்றுக்கு. இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவருக்கு அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். மட்டமானது என்று மேலே ஒதுக்கியதையே அவர் தேடி வருவார். இரும்புத் தோசைக்கல்லும் அந்த அடுப்பில் வேலை செய்யும். அடி சமமாக இருக்க வேண்டும், கல்சட்டி மட்டும் ஆகாது.

மன்னார்குடித் தம்பிக்கு என் கவலை ஈயத்தைப் பற்றியது. பூசுபவர் நல்லவராக இருக்கலாம். அவர் வாங்கும் கட்டி நல்லதா என்று பார்த்தீர்களா? வெள்ளீயம்தான் பாத்திரத்துக்கு உரியது, காரீயம் நஞ்சு. வெள்ளீயத்தின் விலை ஏறும்போதெல்லாம் பற்றவைக்கும் ஈயத்தைக் கலந்து விற்பவர்கள் சந்தையில் உண்டு. நல்ல வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் மெல்லக் கீச்சிடும். காரீயம் ஒலி எழுப்பாமல் வளையும்; காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போலக் கருங்கோடு விழும். சிறிதளவே கலந்திருந்தால் இந்த இரண்டும் காட்டிக்கொடுக்காது. ஆகவே கட்டியை நீங்களே நம்பகமான இடத்தில் பில்லோடு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவருக்குக் கூலியை மட்டும் கொடுங்கள். ஈயச்சொம்பு விற்பவராக இருந்தால் இன்னொன்று: 232 பாகை வெப்பத்தில் அது உருகிவிடும் என்பதால், ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லுங்கள். வெறும் சொம்பை ஏற்றி உருக்கியவர்கள் என்னிடமே எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர்:

எங்களுடையது பாத்திரக்கடை அல்ல, வாடகைச் சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட காலம் முடிந்தபின் அப்பா புதுச் சைக்கிள் விற்கப் பார்த்தார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதும் அதுவும் படுத்தது. பிறகுதான் ஒன்று தெரிந்தது: அந்தச் சைக்கிள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஒரே அளவு டயர். ஊரில் நூற்றுக்கணக்கில் ஓடும் அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் டயர், டியூப், பிரேக் கட்டை, செயின் வைத்தோம். பள்ளி விடும் நேரத்தில் கடையைத் திறந்து வைத்தோம். நாங்கள் நோட்டு எதுவும் எழுதவில்லை, பழுதான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பிள்ளைகளைத்தான் எண்ணினோம். பெரிய இலாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் கடை மூடவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறுப்பினர்:

தோசைக்கல்லை இணையத்தில் எந்தத் தளத்தில் பட்டியலிட்டால் அதிகம் விற்கும் என்று கேட்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். படங்கள் நன்றாக எடுத்துப் போடுங்கள். இங்கே எங்கள் வீட்டுக்கே மூன்று கல் தேவைப்படுகிறது.

மன்னார்குடிப் பாத்திரக்கடைக்காரர்:

ஐயா, ஈயக் கட்டியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. நேற்றே பெரியவரிடம் மீதமிருந்த கம்பியை வாங்கிக் காதருகே வளைத்துப் பார்த்தேன். முதல் துண்டு கீச்சிட்டது, மற்றொன்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இனிக் கட்டியை நான்தான் வாங்குவேன். அவர் வருத்தப்பட்டார், நாற்பது ஆண்டாக ஒரே கடையில் வாங்கும் சரக்கு என்றார். ஏமாற்றியது அவர் அல்ல என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இணையத்தைப் பற்றிக் கேட்ட சகோதரருக்கு: நான் கேட்டது அதுவல்ல. அனுப்பிப் பார்க்காமலும் இல்லை. கல்சட்டியில் ஆறு அனுப்பி இரண்டு விரிசலோடு போய்ச் சேர்ந்தன; வைக்கோலும் அட்டையும் சுற்றியும் பயனில்லை. வார்ப்பிரும்பும் ஓங்கிப் போட்டால் உடையும். மேலும் கனம் என்பதால் அனுப்பும் செலவே விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. பழக்கிய கல்லை எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் விற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா:

எனக்கு ஒரு சந்தேகம். பழக்கிய கல்லும் ஈயப் பூச்சும் இப்போது ஓர் ஆர்வத்தில் ஓடுகின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு தோசைக்கல் போதும், அது முப்பது ஆண்டு உழைக்கும். உங்கள் ஊரில் வாங்க வேண்டியவர்கள் எல்லாரும் வாங்கி முடித்தபின் எதை விற்பீர்கள்? எங்கள் அண்ணன் மண்பானை விற்று மூன்று கோடை நன்றாக ஓட்டினார், நான்காவது கோடையில் நின்றுபோனது.

மன்னார்குடிப் பாத்திரக்கடைக்காரர்:

அம்மா, அதே பயம் எனக்கும் இருக்கிறது. சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு தோசைக்கல் விற்பனை குறைந்திருக்கிறது, கணக்கை மறைக்கவில்லை. குறையாமல் வருவது ஈயம் பூசும் வேலைதான், ஏனென்றால் தினமும் புழங்கும் பாத்திரத்தில் பூச்சு சில மாதங்களில் தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கிவிடும், அவர்கள் மறுபடி வந்தே ஆக வேண்டும். அதனால்தான் பெரியவரைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்டேன். அவருடைய பேரன் விடுமுறையில் வந்து துருத்தி ஊதுகிறான். நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரே வீச்சில் துடைக்கும் கைப்பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. ஆனால் பாலிடெக்னிக் முடித்தபின் இதில் இருப்பானா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் இந்த மாதம் புதிதாக வந்திருக்கும் கேள்வி, பழைய குக்கருக்குக் கேஸ்கட்டும் கைப்பிடியும் மாற்றித் தருவீர்களா என்பது. ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். எந்தெந்த அளவுக் கேஸ்கட் என்று அவர்களின் பெயரோடு குறித்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கும்பகோணம் போகும்போது அந்த அளவுகளை மட்டும் வாங்கி வரப்போகிறேன்.