ஒரு நிமிஷ விருந்தினர் அறிமுகம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்

வணக்கம். வெள்ளிக்கிழமை எங்க பள்ளி ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர், எங்க ஊர்ல 22 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிராம நர்ஸ் அக்கா. அறிமுகம் வாசிக்கப்போறது ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு.

முதல்ல எழுதினது 130 வார்த்தை. அவ வாசிச்சு முடிக்க ஒன்றே முக்கால் நிமிஷம். ‘தன்னலமற்ற அர்ப்பணிப்புணர்வோடு’ வரும்போதெல்லாம் நாக்கு தடுக்குது. ‘சேவைச் சிகரம்’னு வேற போட்டிருந்தேன், அக்காவே சிரிச்சிடுவாங்க.

இப்போ மூச்சுக்கு ஒரு வரியா மாத்தினேன். எண்ணையும் எழுத்துலயே போட்டாச்சு:

“இவரை நம்மில் பலருக்கு முன்பே தெரியும்.
கைக்குழந்தையாக அழுதபோது நமக்கு ஊசி போட்டவர்.
மழையிலும் சைக்கிளில் வீடு தேடி வந்தவர்.
இருபத்திரண்டு ஆண்டுகள் நம் ஊரிலேயே பணி செய்தவர்.”

பெயர் கடைசியில, கைதட்டலுக்கு முன்னாடி. ரெண்டாவது வரியில ‘முதல் ஊசி’ன்னுதான் வெச்சிருந்தேன். அது பிறந்த ஆஸ்பத்திரியிலேயே போட்டிருப்பாங்களேன்னு எடுத்துட்டேன்.

இன்னும் ரெண்டு வரிக்கு இடமிருக்கு. அக்காகிட்ட என்ன கேட்டா நல்ல தகவல் கிடைக்கும்? பெயருக்கு முன்னாடி ரெண்டு இனிஷியல் இருக்கு, மேடையில அதைச் சொல்லணுமா, விட்டுடலாமா?