அனலிஸ்ட் பெரிசா, அசோசியேட் பெரிசா?

குழித்துறை ஸ்டேஷன்: இப்போ அனலிஸ்ட்டா இருக்கேன், 3 வருஷம் 2 மாசம் ஆச்சு. திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல ஒரு கம்பெனி அசோசியேட்னு ஆஃபர் தந்திருக்கு. இது மேல போறதா, கீழ போறதா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

வள்ளியாறு: இதுல கேக்க என்ன இருக்கு தம்பி? அனலிஸ்ட்டுக்கு மேலதான் அசோசியேட். உலகம் பூரா அப்படித்தான். கண்ணை மூடிட்டு கையெழுத்துப் போடு.

கோட்டைவாசல்: எந்த உலகம் வே அது? அக்சென்ச்சர்ல அசோசியேட் லெவல் 12, அனலிஸ்ட் லெவல் 11, சீனியர் அனலிஸ்ட் 10. அங்க நம்பர் குறையக் குறையத்தான் பதவி கூடும். அதாவது அசோசியேட்டா சேர்ந்தவன் புரமோஷன் வாங்கி அனலிஸ்ட் ஆகுறான். உம்ம பேச்சைக் கேட்டு அந்தத் தம்பி கண்ணை மூடினா, திறக்கும்போது ஒரு படி கீழ நிப்பான்.

வள்ளியாறு: ஒரு கம்பெனியைப் பிடிச்சுத் தொங்காதீரும். காக்னிசன்ட்ல புரோகிராமர் அனலிஸ்ட், அதுக்கு மேல அசோசியேட், அதுக்கு மேல சீனியர் அசோசியேட். கோல்ட்மேன் சாக்ஸ் பேங்க்ல காலேஜ் முடிச்சு வர்றவன் அனலிஸ்ட், எம்.பி.ஏ. முடிச்சு வர்றவன் அசோசியேட். மேலதான்.

கோட்டைவாசல்: நீர் சொன்ன ரெண்டும் சரி. "உலகம் பூரா"ங்கிறதுதான் தப்பு. கன்சல்டிங் கம்பெனிகளையே எடுத்துக்கும். மெக்கின்சியில பிசினஸ் அனலிஸ்ட்டுக்கு மேல அசோசியேட், அதுவும் எம்.பி.ஏ. படிச்சவனுக்கு. பி.சி.ஜி.யில அதே அசோசியேட், டிகிரி முடிச்சு நேரா வர்றவனுக்கு. ஒரே தொழில், ஒரே வார்த்தை, நடுவுல ஒரு எம்.பி.ஏ. தூரம். அமேசான் குடோன்ல பெட்டி அடுக்குறவரும் அசோசியேட்தான். அவரும் கோல்ட்மேன் அசோசியேட்டும் ஒண்ணா?

வள்ளியாறு: குடோனை இழுக்குதீர் பாரும், அங்கேயே தெரியுது. ஆபீஸ் வேலையில அசோசியேட் மேலதான்.

தக்கலை பஸ்: தம்பி, அனலிஸ்ட்னா இப்போ எஸ்.க்யூ.எல்., பவர் பி.ஐ. ரெண்டும் கட்டாயம். மூணு மாசம் உக்காந்து படி, டேட்டா அனலிஸ்ட்டா பெங்களூர் போயிரலாம்.

கோட்டைவாசல்: அவன் என்ன படிக்கணும்னு கேக்கல அண்ணாச்சி. ஆனா நீங்க தெரியாமலே ஒரு நல்ல இடத்தைத் தொட்டுட்டீங்க. டேட்டா அனலிஸ்ட்ங்கிறது வேலையோட பேரு. இன்ஃபோசிஸ்ல டெக்னாலஜி அனலிஸ்ட்ங்கிறது படியோட பேரு; அவர் நாள் பூரா ஜாவா எழுதிட்டிருப்பார், டேட்டாவை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். டி.சி.எஸ்.ல ஐ.டி. அனலிஸ்ட்டும் அப்படித்தான். அசிஸ்டன்ட் சிஸ்டம் இன்ஜினியர், சிஸ்டம் இன்ஜினியர் ரெண்டையும் தாண்டினாத்தான் அந்தப் பேரு கிடைக்கும். அங்க அனலிஸ்ட்னா புதுசா வந்தவன் இல்ல, நாலஞ்சு வருஷம் அடிபட்டவன். பேருல என்ன இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, அது வேலையைச் சொல்லுதா படியைச் சொல்லுதான்னு பார்க்கணும்.

திருவட்டாறு டீச்சர்: கல்லூரியில உதவிப் பேராசிரியர், அவருக்கு மேல இணைப் பேராசிரியர். அசோசியேட்னா இணை. இணைன்னா சமம். எப்படிக் கீழ ஆகும்?

வள்ளியாறு: டீச்சரே சொல்லிட்டாங்க. மேலதான்.

கோட்டைவாசல்: டீச்சர், உங்க உதாரணத்துல அசோசியேட் முன்னாடி ஒட்டுற சொல். பின்னாடி வர்ற பேராசிரியர்தான் படியைச் சொல்லுது, அசோசியேட் அதுல பாதிதூரம்னு அர்த்தம். அக்சென்ச்சர்ல அசோசியேட் மேனேஜர்னா மேனேஜருக்கு ஒரு படி கீழ. டி.சி.எஸ்.ல அசோசியேட் கன்சல்டன்ட், அசிஸ்டன்ட் கன்சல்டன்ட்டுக்கு மேல, கன்சல்டன்ட்டுக்குக் கீழ. ஆனா அசோசியேட்னு மொட்டையா நின்னா, பாதி எதுக்குப் பாதின்னே தெரியாது. இந்தப் பையனுக்கு வந்திருக்கிறது மொட்டை.

திருவட்டாறு டீச்சர்: மொட்டைங்கிறது நல்ல சொல்லா? பொதுவெளியில கொஞ்சம் பார்த்து எழுதலாம்.

கோட்டைவாசல்: தனிச்சொல்னு வச்சுக்குங்க. தம்பி குழித்துறை, நீ மூணு விஷயம் சொல்லு. விளம்பரத்துல எத்தனை வருஷ அனுபவம் கேட்டிருந்தான்? லெட்டர்ல யாருக்கு ரிப்போர்ட்டிங்னு இருக்கு? கிரேடோ பேண்டோ போட்டிருக்கானா?

குழித்துறை ஸ்டேஷன்: 0 முதல் 2 வருஷம். டீம் லீடுக்கு ரிப்போர்ட்டிங். கிரேடு இல்ல. இப்போ இருக்கிற இடத்துல அசோசியேட் மேனேஜருக்கு நேரடியா ரிப்போர்ட் பண்றேன். சி.டி.சி. 4.5 லட்சத்துல இருந்து 5.4 லட்சம்.

கோட்டைவாசல்: பதில் அதுலயே இருக்கு. 0-2ன்னா ஃபிரெஷரும் அதே நாற்காலியில உக்காருவான். நீ 3 வருஷம் முடிச்சவன். டீம் லீடுக்கு ரிப்போர்ட்டிங்னா, நடுவுல சீனியர் அசோசியேட்னு ஒரு படி இருக்க வாய்ப்பு அதிகம். எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேளு: "இந்தப் பதவிக்கு ஒரு படி கீழ என்ன பேரு, ஒரு படி மேல என்ன பேரு, மேல போகக் குறைஞ்சது எத்தனை மாசம்?" ஃபோன்ல கேட்டா "அதெல்லாம் நல்ல ரோல் சார்"னு மழுப்புவாங்க. கீழ ஒண்ணும் இல்லைன்னா அதுதான் தரைத்தளம். அந்த 5.4ஐயும் பிரிச்சுச் சொல்லு.

குழித்துறை ஸ்டேஷன்: வேரியபிள் 54,000. ஜாயினிங் போனஸ் 40,000. இப்போ வேரியபிள் 18,000.

கோட்டைவாசல்: ஜாயினிங் போனஸ் ஒரு தடவைதான், வருஷத்துக்குள்ள விட்டா திருப்பிக் கேப்பானான்னு லெட்டர்ல பாரு. வேரியபிள் முழுசா கைக்கு வரும்னு நிச்சயமில்ல. ரெண்டையும் கழிச்சா 4,46,000. இப்போ உனக்கு வேரியபிள் போக 4,32,000. வருஷத்துக்கு 14,000, மாசத்துக்கு 1,200கூட வரல. அதுக்குத் தரைத்தளத்துல உக்காரணும்.

வள்ளியாறு: சம்பளம் கூடுது, பேரும் கூடுது. இதுல தரைத்தளம் எங்க வந்தது? அசோசியேட் மேல.

கோட்டைவாசல்: நாலு தடவை சொன்னாலும் அது மேல ஏறாது வே. போன மாசம் வேரியபிளும் கையில வர்ற சம்பளம்தான்னு சண்டை போட்டதும் நீர்தானே?

வள்ளியாறு: அது வேற விஷயம். எங்க ஆபீஸ்ல 100 சதவீதம் கொடுத்தாங்க.

கோட்டைவாசல்: ஆமா, உம்ம ஆபீஸ்தான் உலகம்.

நாகர்கோவில் பாசஞ்சர்: இடையில ஒரு சந்தேகம். ரெஸ்யூமேயில பேரை மாத்திப் போடலாமா? அசோசியேட்னு போடாம சீனியர் அனலிஸ்ட்னு?

கோட்டைவாசல்: கூடவே கூடாது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல ரிலீவிங் லெட்டர்ல உள்ள பேரைத்தான் ஒத்துப் பார்ப்பாங்க, ஒத்துப்போகலைன்னா ஆஃபரே போகலாம். லெட்டர்ல உள்ள பேரை அப்படியே போட்டு, அடுத்த வரியில "3 பேர் வேலையைச் சரிபார்ப்பது, மாதம் இத்தனை கேஸ்"னு எழுதுங்க. படிக்கிறவன் படியை அதுல இருந்து புரிஞ்சுக்குவான். குழித்துறைத் தம்பிக்கும் இதே சிக்கல் வரும். அனலிஸ்ட், அடுத்து அசோசியேட்னு இருந்தா பேங்க்காரன் புரமோஷன்னு படிப்பான், அக்சென்ச்சர்காரன் இறங்கிட்டான்னு படிப்பான்.

வள்ளியாறு: அப்போ பேங்க்காரன் மேலன்னுதானே படிக்கான்? நான் முதல்ல சொன்னதும் அதுதான்.

தக்கலை பஸ்: பேங்க்னா ஐ.பி.பி.எஸ். எழுதலாமே தம்பி. பி.ஓ.ன்னு பேரு தெளிவா இருக்கும்.

திருவட்டாறு டீச்சர்: அசோசியேட்டா, அசோஷியேட்டா? எழுத்துக்கூட்டல் ஆளாளுக்கு ஒண்ணா இருக்கு.

வள்ளியாறு: திருவனந்தபுரத்துல எல்லாரும் அசோஷியேட்னுதான் சொல்லுதாங்க டீச்சர்.

கோட்டைவாசல்: சொல்லட்டும். தம்பி, மெயில் போட்டியா?

குழித்துறை ஸ்டேஷன்: போட்டேன் அண்ணே. "டிசிக்னேஷன் இஸ் ஜஸ்ட் எ நேம்"னு பதில் வந்திருக்கு.

வள்ளியாறு: பார்த்தியளா, நல்லாத்தானே சொல்லியிருக்காங்க.

கோட்டைவாசல்: பேருதான்னா சீனியர் அசோசியேட்னு போட்டுத் தாங்கன்னு கேளு. அதுக்கு என்ன சொல்லுதாங்கன்னு இங்க வந்து போடு.

வள்ளியாறு: சின்னப் பையனை ஏத்தி விடுதீர். கையில இருக்கிறதும் போகப்போகுது. மேலதான்னு நான் சொன்னது எழுத்துல இருக்கு, பார்த்துக்கும்.