2024 ஜூலை 1-க்கு முந்தைய கட்டுகள்: எதற்குப் பழைய நடைமுறைச் சட்டம், எதற்குப் புதியது?

முருகேசன் (வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் நிலுவையில் உள்ள குற்றவியல் கட்டுகள் ஒவ்வொன்றின் மேலட்டையிலும் எந்தச் சட்டம் பொருந்தும் என்று எழுதிவைக்கச் சீனியர் சொல்லியிருக்கிறார். காரணம் இருக்கிறது. சென்ற வாரம் பழக்கத்தில் 438 என்று போட்டு ஒரு முன்ஜாமீன் மனு தாக்கல் ஆனது. பிரிவு தவறு என்று குறிப்பெழுதித் திருப்பிவிட்டார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் ஜூலை 1-இல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 438 என்பது சீராய்வு. முன்ஜாமீன் 482-க்குப் போய்விட்டது. பழைய 482-இல் இருந்த உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம் இப்போது 528.

எனக்குச் சிக்கலாக இருப்பவை நான்கு கட்டுகள்.

முதலாவது அடிதடி: சம்பவம் 2024 ஜூன் 20, முதல் தகவல் அறிக்கை ஜூலை 5. இரண்டாவது மோசடி: முதல் தகவல் அறிக்கை 2023 நவம்பர், குற்றப்பத்திரிகை 2024 அக்டோபர். மூன்றாவது மேல்முறையீடு: தண்டனைத் தீர்ப்பு 2024 ஜூன் 25, நாங்கள் தாக்கல் செய்தது ஜூலை 18. நான்காவது போலிப் பத்திரம் தொடர்பான தனிநபர் புகார்: தாக்கல் ஜூன் 12, நடுவர் கோப்பில் எடுத்தது செப்டம்பர்.

ராஜவேலு

இதில் குழப்பமே இல்லை, தம்பி. குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். ஜூலை 1-க்கு முன் நடந்தது என்றால் எல்லாமே பழைய சட்டம். நான்கு கட்டுக்கும் அதையே எழுதிவிடலாம்.

வழக்கறிஞர் தமிழரசி

ராஜவேலு ஐயா சொல்வது தண்டனைச் சட்டத்துக்குச் சரி. செய்த நாளில் இருந்த சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும். அரசியலமைப்பின் 20(1) அதைக் காக்கிறது. ஆகவே ஜூன் 20 அடிதடிக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளே. ஆனால் நடைமுறைச் சட்டத்துக்கு அந்தத் தேதி உதவாது. அங்கே பார்க்க வேண்டியது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531(2)(அ).

முருகேசன், அந்தப் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புதிய சட்டம் அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு நிலுவையில் இருந்த மேல்முறையீடு, விண்ணப்பம், வழக்கு விசாரணை, நீதிமன்றத்தின் பூர்வாங்க விசாரணை, காவல்துறையின் புலன்விசாரணை ஆகிய ஐந்தையும்தான் பழைய சட்டப்படி முடிக்கச் சொல்கிறது. பழைய வழக்குகள் எல்லாம் பழைய சட்டப்படி என்று எங்கும் சொல்லவில்லை. அதனால் கட்டு முழுவதற்கும் ஒரே சட்டத்தை எழுத முடியாது. ஜூன் 30 நள்ளிரவில் இந்தக் கட்டில் இந்த ஐந்தில் எது உயிரோடு இருந்தது என்று கேளுங்கள். அது மட்டும் பழையது.

அடிதடிக் கட்டில் அன்று எதுவும் இல்லை. புகாரே வரவில்லை. எனவே குற்றப் பிரிவு பழையது, புலன்விசாரணை முதல் எல்லா நடைமுறையும் புதியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீபு வழக்கில் இதைத்தான் சொன்னது.

மேல்முறையீட்டுக் கட்டில் தீர்ப்பு ஜூனில் வந்திருந்தாலும் மேல்முறையீடு என்ற ஒன்று ஜூலை 18 வரை இல்லை. நிலுவையில் இல்லாததை 531 காப்பாற்றாது. அப்துல் காதர் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் இப்படியே முடிவெடுத்தது. பழைய 374-க்குப் பதில் 415 என்று போடுங்கள்.

சகாயமேரி

அம்மா, நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் தம்பி 2024 மார்ச் முதல் சிறையில் இருக்கிறான். 420 மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், முன்பு எந்த வழக்கும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவன் வழக்கு பழையது. புதிய சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு காலம் இருந்தாலே ஜாமீன் என்கிறார்களே, அது அவனுக்குக் கிடையாதா?

வழக்கறிஞர் தமிழரசி

கிடைக்க வழியிருக்கிறது, சகாயமேரி. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சிறைகளின் நிலை பற்றிய வழக்கில், 479-ஆம் பிரிவு ஜூலை 1-க்கு முன் பதிவான வழக்குகளின் விசாரணைக் கைதிகளுக்கும் பொருந்தும் என்று தெளிவுபடுத்தியது. 420-க்கு உச்ச தண்டனை 7 ஆண்டு. முன்பு தண்டனை பெறாதவருக்கு 2 ஆண்டு 4 மாதம் முடிந்தால் கேட்கலாம். அவர் மீது வேறு வழக்கோ கூடுதல் பிரிவோ இருந்தால் 479(2) குறுக்கே வரும், எனவே குற்றப்பத்திரிகை நகலை வாங்கிப் பாருங்கள். சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எழுதினாரா என்று நேரில் கேளுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

ராஜவேலு

நடைமுறை பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மோசடிக் கட்டில் புலன்விசாரணை அன்று நிலுவையில் இருந்ததே. அது முழுக்கப் பழையதுதானே?

கோபாலன் (ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்)

அங்கேதான் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன, ஐயா. அலகாபாத் பார்வையில் புலன்விசாரணை பழைய சட்டப்படி முடியும். அக்டோபரில் வந்த குற்றப்பத்திரிகையைக் கோப்பில் எடுப்பதும் அதன் பிறகான விசாரணையும் புதியது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றமோ கிருஷன் ஜோஷி வழக்கில், முதல் தகவல் அறிக்கை பழையதென்றால் அதை ரத்து செய்யக் கோரும் மனுவும் பழைய சட்டப்படியே என்றது. பிரிவின் சொற்களுக்கு அலகாபாத் பார்வையே நெருக்கம் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். சாட்சியச் சட்டத்துக்குத் தனியாக ஒரு காப்புப் பிரிவு உண்டு: பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 170. மோசடிக் கட்டில் வங்கிக் கணக்கு விவரமோ அலைபேசிப் பதிவோ இருக்கும். பழையது என்றால் 65பி சான்றிதழ் போதும். புதியது என்றால் 63(4) சான்றிதழ், அதில் இரண்டு பகுதி, இரண்டாவதில் நிபுணர் கையெழுத்து வேண்டும். எந்தச் சட்டம் என்பது முடிவாகாத கட்டில் புதிய படிவத்திலேயே வாங்கிவிடுங்கள். சாட்சி கூண்டில் நிற்கும்போது ஆட்சேபம் வந்தால் அப்போது ஓட முடியாது.

முருகேசன்

மிக்க நன்றி. நான்காவது கட்டுதான் பாக்கி. எதிரியை அழைத்துக் கேட்காமலே நடுவர் கோப்பில் எடுத்துவிட்டார். நாங்கள் எதிரி தரப்பு.

வழக்கறிஞர் தமிழரசி

அது நல்ல வாதம், ஆனால் உறுதியான வாதம் அல்ல. புதிய 223(1)-இன்படி, தனிநபர் புகாரில் எதிரிக்குப் பேச வாய்ப்புத் தராமல் கோப்பில் எடுக்கக் கூடாது. 2025 மே மாதம் குஷால் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காகக் கோப்பில் எடுத்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் அந்தப் புகார் 2024 ஆகஸ்டில் தாக்கலானது. உங்களுடையது ஜூன் 12. ஜூன் 30-க்குள் நடுவர் புகார்தாரரின் உறுதிமொழி வாக்குமூலத்தைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தால், பூர்வாங்க விசாரணை நிலுவையில் இருந்தது என்று புகார்தாரர் தரப்பு சொல்லும். வெறுமனே எண்ணிடக் காத்திருந்தது என்றால் உங்களுக்கு இடம் உண்டு. நாட்குறிப்பேட்டின் சான்று நகலுக்கு முதலில் மனுப் போடுங்கள்.

கோபாலன்

இதைப் பார்த்துவிட்டுக் காசோலை வழக்குக் கட்டுகளிலும் 223 என்று எழுதிவிட வேண்டாம். காசோலைப் புகாரில் அந்த முன் அறிவிப்புத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் சஞ்சபிஜ் தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முருகேசன்

மேலட்டையில் ஒரு வரிக்குப் பதில் குற்றப் பிரிவு, புலன்விசாரணை, விசாரணை, சாட்சியம், மேல்முறையீடு என்று தனித்தனியாகக் கட்டம் போட்டுவிட்டேன். நான்காவது கட்டில் விசாரணைக் கட்டத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். நகல் மனு நாளை தாக்கலாகிறது.