லண்டன் காசு வரவில்லை, அண்ணாவின் காசு குறைந்து வந்திருக்கிறது. யாரைக் கேட்பது?

கோண்டாவில் பிள்ளை: அம்மா கொப்பியில் எழுதி, அனுப்பிய செய்தியையும் வங்கி எஸ்எம்எஸ்ஸையும் பார்த்துச் சரி போடுவா. அண்ணா வெள்ளி போட்டார், வெள்ளியே வந்துவிட்டது, கொஞ்சம் குறைவு. சித்தி செவ்வாய் போட்டவா, இன்னும் இல்லை. அவசரம், உதவுங்கள்.

சுன்னாகம் ரவி: எவ்வளவு? எந்த நாடு? ஆப்பா வங்கியா?

பழைய காசாளர்: கொப்பி வைத்திருக்கிறீர்கள், தொகையும் நேரமும் இல்லாமல். பிறகு என்ன கணக்கு?

கோண்டாவில் பிள்ளை: மன்னிக்கவும். அண்ணா டொரொண்டோ, ஆப்பில், 'பெறுபவருக்கு 100,000 ரூபாய்' என்று இருக்கிறது. சித்தி லண்டன் வங்கியில் நேரே 250 பவுண். வந்தது 97,640.

சுன்னாகம் ரவி: வங்கி கமிஷன் வெட்டியிருக்கும். அண்ணாவுடையதுதான்.

மாமி_நல்லூர்: எங்களுக்கும் சுவிஸ் காசு இப்படித்தான் பிந்தியது. உண்டியல்காரர் என்றால் இரண்டு மணித்தியாலத்தில் வாசலுக்கே வரும்.

பழைய காசாளர்: தொலைந்தால் எந்தத் துண்டைக் காட்டுவீர்கள் மாமி? அது சட்டவிரோதம்.

மாமி_நல்லூர்: தம்பி, 90களில் உங்கள் வங்கி பூட்டிக் கிடந்தபோது எங்களுக்குச் சோறு போட்டது அதுதான்.

வெளிநாட்டுப் பிரிவு: உண்டியலை விடுங்கள். பிள்ளை, எஸ்எம்எஸ் எத்தனை மணிக்கு? அண்ணா அனுப்பிய ஆப் படத்தில் எத்தனை மணி?

கோண்டாவில் பிள்ளை: எஸ்எம்எஸ் வெள்ளி பகல் 2.10. அண்ணாவினது வெள்ளி இரவு 9.

வெளிநாட்டுப் பிரிவு: அது டொரொண்டோ இரவு. இப்போது அவர்களைவிட நாம் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால், ஆகவே இங்கே சனி காலை 6.30. அவர் அனுப்ப முன்பே எப்படி வரும்? வந்தது சித்தியின் காசு. ஆப்பில் ரூபாயைச் சொல்லிவிட்டால் பொதுவாக அதே தொகைதான் விழும், சதம் மாறாது. வங்கி வழி வருவதில் இடையில் உள்ள வங்கியும் வெட்டலாம், இங்குள்ள வங்கி தன் விலையில் மாற்றும். அதனால்தான் அப்படி முழுமையில்லாத தொகை. 250 பவுணை, வெள்ளிக்கிழமை வங்கி பவுண் வாங்கிய விலையால் பெருக்கிப் பாருங்கள், 97,640-க்குச் சற்று மேலே நிற்கும்.

சுன்னாகம் ரவி: அப்படியென்றால் அண்ணாவினது ஏன் வரவில்லை? உள்ளூர் மாற்றல் உடனே விழுமே, சனி ஞாயிறு பார்க்காது.

வெளிநாட்டுப் பிரிவு: கடைசிப் படிதான் உடனே. அதற்கு முன் ஆப்காரரின் இங்குள்ள வங்கி விடுவிக்க வேண்டும். சிலர் விடுமுறையிலும் விடுவார்கள், சிலர் இல்லை. நாளை திங்கள் போயா விடுமுறை. செவ்வாய் பின்னேரமும் இல்லையென்றால் அண்ணாவிடம் ஆப் இப்போது என்ன நிலை காட்டுகிறது என்று கேளுங்கள். 'அனுப்பினோம்' என்பதும் 'கணக்கில் சேர்ந்தது' என்பதும் வேறு. அனுப்பியதற்கான குறிப்பு இலக்கத்தையும் வாங்கி வையுங்கள். கொப்பியில் இனி இங்குள்ள நேரத்தையே எழுதச் சொல்லுங்கள்.

பழைய காசாளர்: இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கோண்டாவில் பிள்ளை: செவ்வாய் 11.20-க்கு, சரியாக 100,000. நன்றி. அம்மா சித்திக்கு இரண்டு நாளாய் ஏசிப்போட்டா, இப்போது யார் முதலில் போன் எடுப்பது என்று வீட்டில் பிரச்சினை.