தெருப்பேரு இல்லாத இடத்துக்கு ப்ளஸ் கோட் மட்டும் போதுமா?

நெடுவழி: தெருவுக்கு பேரும் இல்ல, வீட்டுக்கு நம்பரும் இல்ல. 400 வீடு, எல்லாம் ஒட்டி ஒட்டி. பூமியை சின்னச்சின்ன கட்டமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் எண்ணும் எழுத்துமா குறி குடுக்கறாங்களே, அந்த ப்ளஸ் கோடை ஒவ்வொரு கதவுலயும் பெயிண்ட்ல எழுதி அதையே முகவரியா வெச்சுக்கலாம்னு பேச்சு. சரிப்பட்டு வருமா?

கதிரொளி: தாராளமா வரும். தெருவுக்கு யார் பேரை வைக்கிறதுன்னு வருஷக்கணக்கா இழுக்க வேண்டாம், இடம் எங்க இருக்கோ அதுவே முகவரி. கேப் வெர்டே தபால்துறை 2016லயே இதை எடுத்துக்கிச்சு. அடுத்தடுத்த வீட்டுக்கு கோடும் வரிசையா வரும்ங்கறதால கதவு நம்பர் மாதிரி பார்த்துக்கிட்டே போயிடலாம்.

அளவுச்சங்கிலி: கடைசில சொன்னது பாதிதான் சரி கதிரொளி. பிளஸ் குறிக்கு அப்புறம் வர்ற ரெண்டு எழுத்துல முதல் எழுத்து வடக்கு தெற்கு, ரெண்டாவது கிழக்கு மேற்கு. 2ல ஆரம்பிச்சு X வரைக்கும் 20 எழுத்து, X வந்துட்டா திரும்ப 2, அதுக்கு முன்னாடி இருக்கற வடக்கு தெற்கு எழுத்து ஒண்ணு ஏறும். இப்ப பத்து எழுத்துல முதல் நாலை விட்டுட்டு `7J4V+X2` ஒரு கட்டம்னு வெச்சுக்குங்க, அதுக்கு நேர் வடக்க இருக்கற கட்டம் `7J5V+22`. ரெண்டும் ஒட்டி இருக்கு, ஆனா எழுத்தைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. கோடைப் படிச்சுக்கிட்டே சந்துல நடந்து வர்றவர் அங்கதான் நின்னுடுவார்.

மழைக்குருவி: இதுல நாங்க பட்டது இருக்கு. அம்மாவுக்கு ராத்திரி மூச்சுத்திணறல், ஆம்புலன்ஸுக்கு கோடைச் சொன்னோம், வண்டி சரியா அந்தக் கட்டத்துக்கே வந்துச்சு ஆனா எங்க வீட்டு பின்சுவர் இருக்கற சந்துல வந்து நின்னுச்சு, வாசல் அந்தப்பக்கம், நடுவுல வழியே கிடையாது, சுத்தி ஓடிப்போய் கூட்டிட்டு வந்தோம். கோட் தப்பில்ல. அது கதவைச் சொல்லல, அவ்வளவுதான்.

கதிரொளி: அதுக்குத்தான் பதினோராவது எழுத்து இருக்கே, அதையும் சேர்த்து எழுதினா கட்டம் 3 மீட்டருக்கு சுருங்கிடும், கதவு தனியா தெரியும்.

அளவுச்சங்கிலி: பத்து எழுத்து கட்டம் பக்கத்துக்கு சுமார் 14 மீட்டர், சின்ன வீடுன்னா உள்ள நாலஞ்சு வாசல் விழும். பதினோராவது அந்தக் கட்டத்தை 20 துண்டா வெட்டுது, கணக்கு சரிதான். ஆனா அந்த எழுத்தை எதை வெச்சு எடுப்பீங்க? திறந்த வெளியிலயே ஃபோன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், தகரக்கூரையும் குறுகின சந்துமா இருந்தா இன்னும் மோசம். ஒரே வாசப்படில நின்னு வேற வேற நாள் மூணு ஃபோன்ல எடுத்துப் பாருங்க, கடைசி எழுத்து மாறிக்கிட்டே இருந்துச்சுன்னா அதை சுவர்ல எழுதாதீங்க. சாட்டிலைட் படத்துல புள்ளி வெச்சா கொஞ்சம் நிதானமா வரும், ஆனா படமே சில இடத்துல நகர்ந்து இருக்கும், அதோட கூரைதான் தெரியும், வாசல் தெரியாது.

நான் செய்யறதுன்னா பத்து எழுத்தோட நிறுத்திடுவேன். புள்ளியை வீட்டு நடுவுல வைக்காம வாசல் திறக்கற சந்துல வைப்பேன், ஒரே கட்டத்துல விழற வாசலுக்கு 1, 2, 3ன்னு கையால நம்பர் போடுவேன்.

தூரதேசி: மாசாமாசம் பணம் கட்டணுமே? நெட் இல்லாத இடத்துல இது வேலையும் செய்யாதே?

அளவுச்சங்கிலி: வேற எதையோ நினைச்சுக்கிட்டீங்க. இது வெறும் அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கு, காசு கிடையாது, முழு கோட் இருந்தா நெட் இல்லாமலே இடம் வந்துடும். ஆனா முதல் நாலு எழுத்தை விட்டுட்டு ஊர்ப்பேரைச் சேர்த்து சுருக்கமா எழுதினா அந்த ஊர் எங்க இருக்குன்னு யாராவது சொல்லணும், அங்கதான் வரைபடம் தேவைப்படும். மிச்ச எழுத்து ஒவ்வொரு டிகிரிக்கும், அதாவது வடக்கு தெற்கா சுமார் 111 கிலோமீட்டருக்கு ஒருதடவை, அப்படியே திரும்ப வரும். அதே பேர்ல இன்னொரு ஊர் இருந்து ஆப் அதை எடுத்துக்கிச்சுன்னா வண்டி அங்க போயிடும். சுவர்ல சின்னதா இருக்கட்டும், ரெஜிஸ்டர்ல முழுசா இருக்கணும்.

மழைக்குருவி: கையால நம்பர் போட்டா அந்த லிஸ்டை யார் வெச்சுக்கறது? வீட்டை ரெண்டா பிரிச்சா? மாடி கட்டினா? கோடுக்கு மாடியே தெரியாதே.

கதிரொளி: லிஸ்டுன்னு வந்துட்டா பழைய தொல்லைதானே. யாரையும் கேட்காம கிடைக்குதுங்கறதுக்குத்தான் நான் இதைச் சொன்னேன். பதினோராவது எழுத்தை நான் இன்னும் விடமாட்டேன்.

அளவுச்சங்கிலி: மாடிக்கு எழுத்துல வழி இல்ல மழைக்குருவி, நம்பருக்குப் பக்கத்துல மாடியையும் எழுதித்தான் ஆகணும். லிஸ்டு யார்கிட்ட இருக்கணும்னு அங்க இருக்கறவங்கதான் முடிவு பண்ணணும்.

நெடுவழி: 400ஐயும் ஒரே நாள்ல எழுதற திட்டத்தை நிறுத்திட்டோம். ஞாயித்துக்கிழமை பின்சுவர் ஒட்டின ரெண்டு சந்துல மட்டும் ஒவ்வொரு வாசல்லயும் மூணு ஃபோனோட நின்னு பார்க்கறோம். கடைசி எழுத்து எத்தனை வாசல்ல மாறுதுன்னு இங்கயே வந்து போடறேன்.